கேட்டவுடன் குறைந்த விலை

எங்கள் தெருவில் பிரேம் கடை வைத்திருப்பவரை எல்லாரும் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். போலீஸ் வேலைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படங்களுக்குச் சட்டம் அடிக்கிறவர். ஆனால் ரொட்டி பாக்கெட் வாங்கினால் முதல் துண்டும் கடைசித் துண்டும் ஒரே ரொட்டியைச் சேர்ந்தவைதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். நனைந்து திரும்பினால், நம்மை ஏமாற்ற இன்றைக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டார்கள் என்பார். அவர் மனைவி அக்கா இதற்கெல்லாம் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

நான் பக்கத்துத் தையல் கடை. துணிகளைப் பிடித்து, பிரித்து, சரிசெய்து கொடுக்கிறேன். இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அவர்கள் பேசுவது தானாகக் காதில் விழுகிறது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். சில சமயம் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கேட்கிறேன்.

அன்றைக்கும் நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் பல் டாக்டரிடம் போயிருந்தார். ஆடுகிற பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கிவிடுவாரோ என்று போவதற்கு முன் கண்ணாடியில் பல்லைப் படம் வேறு எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, மூலைத் தெருவில் திறக்கப்போகிற கிளினிக்கின் மேனேஜர் உள்ளே வந்தார். அறைகளிலும் நடைபாதையிலும் மாட்டுவதற்கு அறுபது சின்னப் படங்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே கலர். இரண்டு மாதத்தில் மேல் மாடியும் முடிந்துவிடும், அதற்கு இன்னும் நாற்பது. ஆனால் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு பொட்டு கலர் மாறினாலும் மேல் மாடி வேலையை மால் கடைக்குக் கொடுத்துவிடுவேன், கீழ் மாடியையும் கழற்றச் சொல்லிவிடுவேன் என்றார். பிரேமுக்கு என்ன விலை என்று கேட்டார்.

அக்கா இதுவரை வாடிக்கையாளரிடம் தானாக விலை சொன்னதில்லை. 'அவர் வரட்டும், உட்காருங்க' என்பதுதான் வழக்கம். அன்றைக்கு என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டாள். மேனேஜரும் சரி என்று போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் அக்கா கணக்குப் போட்டாள். தடுப்பின் மேல் விளிம்பில் அவள் முகம் தெரிந்தது. ஸ்டூல் மேல் ஏறியிருக்கிறாள்.

"தங்கச்சி, நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். சொன்ன விலைக்குச் செஞ்சா பீடிங்குக்கும் கண்ணாடிக்கும் சரியாப்போயிடும். எங்க கூலி காத்துல போயிடும்."

பீடிங் என்றால் சட்டம் வெட்டுவதற்காக வருகிற நீளக் கட்டை. பளபளப்பாக வண்ணம் பூசி, பின்பக்கம் படம் உட்காரப் பள்ளம் எடுத்து, பத்தடிப் பத்தடியாக வரும். அதிலிருந்து நாலு துண்டு எடுத்து, முனைகளைச் சாய்த்து வெட்டி, மூலைக்கு மூலை சேர்த்தால் பிரேம். இந்த அளவுக்கு ஒரு கட்டையில் இரண்டு பிரேம் வரும், சேதாரத்துக்கென்று இரண்டு கட்டை கூட வாங்குவார்கள். அக்காவின் கூலி திரும்பி வரவேண்டுமானால் அந்தக் கட்டையின் விலைதான் இறங்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் வீங்கிய கன்னத்தோடு வந்தார். விஷயம் கேட்டதும் வீக்கம் இரண்டு கன்னத்துக்கும் பரவிவிட்டது. சத்தம் போடவில்லை. போட முடியாது, வாயில் பஞ்சு. ஒரு தாளில் எழுதிக் காட்டினாராம், அக்கா பிறகு சொன்னாள். பீடிங் விலையை நீயே பேசி இறக்கு, இந்த வேலை கீழும் மேலும் சேதாரம் இல்லாமல் முடிந்தால் இனிமேல் கடை போன் உன் கையில். முடியாவிட்டால் போன் என் டிராயருக்குத் திரும்பும், யார் வந்தாலும் நீ உட்காருங்க என்று மட்டும் சொல்ல வேண்டும்.

அக்கா அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். கல்யாணமான நாள் முதல் அந்தக் கடையில் கண்ணாடி துடைத்து, அட்டை வெட்டி, ஆணி பொறுக்கியவள். போன் கைக்கு வருவது அவளுக்கு எவ்வளவு பெரிது என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கே தெரியும்.

பீடிங் சப்ளை செய்கிறவர் குடோன்காரர். ஊரின் இன்னொரு கோடியில் பெரிய குடோன். இவர்கள் கடை ஆரம்பித்த நாளிலிருந்து அவரிடம்தான் வாங்குகிறார்கள். அவரிடம் விலை குறைக்கச் சொல்லி மெசேஜ் அனுப்புவது என்றால் அதற்கென்று ஒரு போக்கு உண்டு. முதல் நாள் பதில் வராது. மறுநாள் மரம் விற்கிற விலை, லாரி வாடகை, தன் முழங்கால் வலி எல்லாம் பற்றி நீளமாக வரும். அதற்கு அனுதாபம் தெரிவித்து எழுதினால், முடியாது என்று ஒரு வரி. அப்புறம் இரண்டு நாள் இரண்டு பக்கமும் மௌனம். கடைசியில் கேட்டதில் பாதி குறையும். இது கிட்டத்தட்ட ஒரு உறவு மாதிரி.

இன்ஸ்பெக்டர் வழக்கமாக எழுதுவது எனக்கு மனப்பாடம், எழுதும்போது உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவார். உங்கள் விலை அதிகம். வேறு இடத்தில் குறைவாகத் தருகிறார்கள். குறைத்தால் அடுத்து வருகிற பெரிய ஆர்டர் உங்களுக்குத்தான். அந்த வேறு இடம் எது என்று ஒருநாள் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றார். அடுத்த பெரிய ஆர்டர்? அதுவும் இல்லை. இரண்டையும் உப்புப் போடுகிற மாதிரி எல்லா மெசேஜிலும் போடுவாராம். இந்த முறையும் அப்படித்தான் எழுதச் சொன்னார். அக்கா கேட்கவில்லை.

"நாளைக்கு மேல் மாடிக்கும் அவர்கிட்டதானே போய் நிக்கணும்? மிரட்டிட்டுப் போனா நல்ல லாட்டை யாருக்கு எடுத்து வைப்பார்?"

லாட் என்றால் ஒரே நேரத்தில் வண்ணம் பூசி வந்த கட்டைகள். அடுத்த முறை அதே பேரில் வருகிற வண்ணம் ஒரு நூல் அளவாவது மாறித்தான் வரும். தனித்தனி வீட்டில் மாட்டினால் தெரியாது. ஒரே கட்டடத்தில் மாட்டினால் தெரியும். அதனால் குடோன்காரருடைய நல்லெண்ணம் அவளுக்கு விலையைவிட முக்கியம்.

மூன்று முறை எழுதி அழித்து, நாலாவது முறை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"அண்ணே, வணக்கம். போன தடவை குடுத்த கருப்பு பீடிங் ஒண்ணுகூட வளையாம இருந்தது, ரொம்ப நன்றி. இப்ப ஒரு கிளினிக் வேலை வந்திருக்கு. வால்நட் கலர், ஒரு இஞ்ச் அகலம், முப்பத்திரண்டு கட்டை வேணும். பார்ட்டி சொல்ற விலைக்கு இப்ப இருக்கற ரேட் கட்டுப்படியாகலை. அடிக்குப் பன்னிரண்டு பர்சன்ட் குறைச்சுக் குடுத்தீங்கன்னா வேலையை எடுத்துடுவோம். மொத்தத்தையும் ஒரே தடவையா எடுத்துக்கறோம், வண்டியும் நாங்களே கொண்டு வர்றோம், உங்களுக்கு டெலிவரி செலவு மிச்சம். ரெண்டு மாசத்துல மேல் மாடிக்கு இதே மாதிரி இன்னும் இருபத்திரண்டு வேணும், இதே லாட்ல எடுத்து வைக்க முடியுமான்னு பாருங்க. அவ்வளவு குறைக்க முடியாதுன்னா எவ்வளவு முடியும்னு சொல்லுங்க, பேசிக்கலாம்."

விலையைச் சொன்னது பார்ட்டி இல்லை, அவள்தான். அந்த ஒரு இடத்தைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னேன், இறங்கிப் போகிற மாதிரி இருக்கிறது என்று. அவள் எடுக்கவில்லை. கதவைத் திறந்து வைத்தால்தான் அவர் உள்ளே வருவார் என்றாள். அனுப்பினாள். சட்டைக் கையைக் குட்டை பண்ணிக்கொண்டிருந்த நான் ஒரு கையை முடித்து அடுத்த கைக்கு வருவதற்குள் அந்தப் பக்கம் போன் சிணுங்கியது.

"சரிம்மா. அப்படியே செஞ்சுடலாம். சனிக்கிழமை வந்து எடுத்துக்கோங்க."

அவ்வளவுதான். மர விலை இல்லை, லாரி வாடகை இல்லை. முழங்காலே இல்லை.

அக்காவுக்கு முதலில் சந்தோஷம். என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்தாள். டீ பாதியில் இருக்கும்போதே இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றார். பஞ்சை எடுத்துவிட்டிருந்தார்.

"முழங்காலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லைங்க."

"அப்ப இதுல ஏதோ இருக்கு."

அந்த நிமிடத்திலிருந்து சனிக்கிழமை வரை அந்தக் கடையில் வேலை நடக்கவில்லை, விசாரணைதான் நடந்தது. முதலில் அவர் சொன்னது, கேட்டவுடன் பன்னிரண்டு குறைக்கிறான் என்றால் இத்தனை வருஷமும் அந்தப் பன்னிரண்டைத் தின்றிருக்கிறான். வீடு கட்டினானே, அது நம் பன்னிரண்டு. பெண்ணுக்குக் கல்யாணம் செய்தானே, அதுவும் நம் பன்னிரண்டு. குடோன்காரருக்குப் பெண்ணே கிடையாது என்று அக்கா சொன்னாள். அப்படியானால் அந்தப் பணம் எங்கே போச்சு என்று கேட்டார்.

மறுநாள் காலை கறுப்புக் கண்ணாடி, தொப்பி சகிதம் கிளம்பினார். சந்தை ரேட் தெரிந்துகொள்ள, பீடிங் வாங்கிப் பிரேமும் போடுகிற கடைத்தெருக் கண்ணாடிக்காரரிடம் ஆள் தெரியாமல் விசாரிக்கப் போகிறாராம். போன வேகத்தில் திரும்பி வந்தார். கடையில் கால் வைத்ததும், 'வாங்க இன்ஸ்பெக்டர், கண் வலியா?' என்று கேட்டுவிட்டார்கள். ஆனாலும் ரேட் தெரிந்தது. கண்ணாடிக்காரர் வாங்குகிற விலை, குடோன்காரர் இவர்களுக்கு முன்னால் கொடுத்துக்கொண்டிருந்த விலையைவிடக் கொஞ்சம் கூடுதல். இன்னொருவராக இருந்தால் இதைக் கேட்டு நிம்மதி அடைந்திருப்பார். இவருக்கு மூச்சு முட்டியது. முன்னால் ஏமாற்றவில்லை என்றால் இப்போதுதான் ஏமாற்றப் போகிறான் என்று ஆகிறது அல்லவா. இத்தனை மலிவாக எந்த மரம் வரும்? உள்ளே உளுத்த கட்டை. அல்லது மரமே இல்லை, மரத்தூளை அழுத்திச் செய்தது, மூலையில் ஆணி அடித்தால் பிஸ்கட் மாதிரி உதிரும். அல்லது பத்தடி என்று ஒன்பதரை.

இத்தனை சந்தேகத்துக்கு நடுவிலும் அவருக்கு ஆசை வேறு. இவ்வளவு சுலபமாகக் குறைக்கிறவன் இன்னும் குறைப்பானே. அக்கா கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தபோது போனை எடுத்து, இருபது பர்சன்டாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அடித்துவிட்டார். அனுப்புவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கையிலிருந்து பிடுங்கவில்லை. கண்ணாடி வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்தாள், நீட்டினாள். அவரும் கொடுத்துவிட்டார்.

"கேட்டதைக் குடுத்தவர்கிட்ட மறுபடி கேட்டா, நாளைக்கு எது கேட்டாலும் கூட்டிச் சொல்லுவார். அந்தக் குடோன் பக்கம் அப்புறம் தலைவெச்சுப் படுக்க முடியாது."

அதை அழித்துவிட்டு, அன்று முழுவதும் போனை ஏப்ரன் பையிலேயே வைத்திருந்தாள். எனக்குச் சந்தேகம் தொற்றாமல் இருக்குமா? குடோன்காரர் கடையை இழுத்து மூடிவிட்டு ஓடப்போகிறார் என்று என் பங்குக்கு ஒன்று சொன்னேன். தெருவில் இரண்டு பேரிடம் சொன்னதும் அது நாலு பேரிடம் போய், மாலைக்குள் அவர் வெளிநாட்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். நான் அந்த அளவுக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா என் கடைக்கு வந்து கதவைச் சாத்தினாள். முகத்தில் அவர் சாயல் வந்திருந்தது. கூடவே குடும்பம் நடத்தினால் இதுவும் வருமோ என்னவோ.

"தங்கச்சி, விலை பத்தி எனக்குக் கவலை இல்லை. நான் கேட்டது ஒண்ணு இல்லை, நாலு. விலை கேட்டேன், மொத்தமா எடுக்கறேன்னேன், வண்டி நாங்க கொண்டு வர்றோம்னேன், மேல் மாடிக்கு லாட் எடுத்து வைங்கன்னேன். நாலுக்கும் சேர்த்து ஒரே சரி. அதுல எது எதுக்குச் சரின்னார்?"

போன் பண்ணிக் கேட்க வேண்டியதுதானே என்றேன். கேட்டால் அதற்கும் சரி என்பார், முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன் என்றாள். அப்படியானால் நானும் வருகிறேன் என்றேன். குடோன் பக்கம் பட்டன் மொத்த விலைக்குக் கிடைக்கும் என்று காரணம் சொன்னேன். அங்கே பட்டன் கடை எதுவும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். வா என்றாள்.

சனிக்கிழமை ஒரு சின்னச் சரக்கு வண்டியை வாடகைக்குப் பிடித்தார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் அக்காவும் நானும். பின்னால் இன்ஸ்பெக்டர், மடியில் ஒரு பை. பையில் டேப், தடிமன் பார்க்கிற கருவி, ஈரத் துணி, பூதக் கண்ணாடி, நீட்டமான ஊசி. ஆபரேஷனுக்குப் போகிற மாதிரி இருந்தது.

குடோன் உயரமான தகரக் கூரைக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் வார்னிஷ் வாசனை மூக்கைப் பிடித்தது. கட்டைகள் சுவர் ஓரமாகச் செங்குத்தாக, கலர் வாரியாக நின்றன. வாசலை ஒட்டி ஒரு பெரிய பலகை, அதில் வரிசை வரிசையாக ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு மூலைத் துண்டு. இரண்டு சின்னக் கட்டைகளை மூலையாகச் சேர்த்து, பின்னால் நம்பர் எழுதியிருப்பார்கள். கடைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் எது வேண்டும் என்று நம்பர் சொல்வார்கள். அக்காவின் கடைச் சுவரிலும் இதே மாதிரி மூலைகள் தொங்குகின்றன, வாடிக்கையாளர் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பதற்கு.

குடோன்காரர் காதில் பென்சிலோடு வந்தார். கனத்த உடம்பு. ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார், முழங்கால் பொய் இல்லை போலிருக்கிறது. முப்பத்திரண்டு கட்டையும் தயாராக அடுக்கி வைத்திருந்தார். வாங்கம்மா, வாங்க சார் என்று நாற்காலி போட்டார். அவர் அவ்வளவு மரியாதையாக இருந்ததே இன்ஸ்பெக்டருக்குப் போதுமான சாட்சி. பையைத் திறந்தார்.

ஒவ்வொரு கட்டையாக எடுத்தார். நீளம் பத்தடிக்கு ஒரு விரற்கடை கூடவே இருந்தது. தடிமன் சரி. ஈரத் துணியால் தேய்த்தார், சாயம் ஒட்டவில்லை. வெட்டிய முனையில் ஊசியைக் குத்தினார், நல்ல மரம், ஊசிதான் வளைந்தது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டையைத் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்த்தார், அம்பு மாதிரி நேராக இருந்தது. ஒவ்வொரு சோதனை முடியும்போதும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் இருண்டது. குடோன்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எங்கேயும் நகரவில்லை.

அக்கா கட்டைகள் பக்கம் திரும்பவே இல்லை. வாசல் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் மெதுவாக ஓர் இடத்தைக் காட்டினாள். வால்நட் வரிசையில் ஓர் ஆணி காலியாக இருந்தது. சுற்றிலும் பலகை வெயில் பட்டு மங்கியிருக்க, அந்த இடத்தில் மட்டும் மூலை வடிவத்துக்குப் புதுசாகத் தெரிந்தது.

"அண்ணே," என்றாள், திரும்பாமலே. "இதுல இருந்த மூலை எங்க?"

குடோன்காரர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். திரும்ப வைத்தார்.

மூலையை எடுத்துவிட்டார்கள் என்றால் அந்தச் சரக்கு இனி இல்லை என்று அர்த்தம். இருக்கிற சரக்கு தீர்ந்தால் தீர்ந்ததுதான், புதிதாக யாரும் நம்பர் சொல்லிக் கேட்கக் கூடாது என்பதற்காகவே பலகையிலிருந்து கழற்றுவார்கள். எனக்கு இது பிறகுதான் புரிந்தது. இன்ஸ்பெக்டருக்கு உடனே புரிந்தது. கையில் கட்டையோடு அப்படியே நின்றுவிட்டார்.

குடோன்காரர் மறைக்கவில்லை. தயாரிக்கிற கம்பெனி இந்தக் கலரை நிறுத்திவிட்டது. தன்னிடம் ஐம்பத்தைந்து கட்டை மிச்சம். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அக்காவின் மெசேஜ் வந்ததாம். அதனால்தான் உடனே சரி. இதில் இவர்கள் எடுத்தது போக மிஞ்சுகிற இருபத்துமூன்றையும் வீட்டு அலங்காரம் செய்கிற ஒருவர் திங்கட்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். போகட்டும், கணக்கு முடிந்தது என்று இருந்தாராம்.

"மேல் மாடிக்கு இதே லாட்ல வேணும்னு எழுதியிருந்தேனே அண்ணே."

"எழுதியிருந்தீங்கம்மா. பார்த்தேன்." அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கோபமாக இல்லை, தயங்கித்தான். "உங்க கடையில இருந்து வர்ற எல்லா மெசேஜ்லயும் அடுத்த ஆர்டர்னு ஒண்ணு இருக்கும். ஒரு தடவை ஸ்கூலு, ஒரு தடவை ஹோட்டலு. ஆரம்பத்துல நானும் நம்பி எடுத்து வெச்சேன். யாரும் வரலை. இதுவும் அந்த மாதிரின்னு விட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

இன்ஸ்பெக்டர் கட்டையை இருந்த இடத்தில் ஜாக்கிரதையாக வைத்தார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் குனிந்த வாக்கிலேயே தரையில் கிடந்த ஒரு பிசிரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

அக்கா என்ன செய்யப்போகிறாள் என்று நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அல்லது சண்டை. நீங்கள் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டால் அதில் நியாயமும் உண்டு. மேல் மாடி போனால் கீழ் மாடியும் கழன்றுவிடும், போனும் டிராயருக்குப் போகும். அவள் கொஞ்ச நேரம் அந்தக் காலி ஆணியையே பார்த்தாள். உதடு கணக்குப் போட்டது.

"அண்ணே, ஒண்ணு செய்வோம். இந்த முப்பத்திரண்டுக்கு நீங்க சொன்ன குறைஞ்ச ரேட். மேல் மாடிக்கு வேணுங்கற இருபத்திரண்டுக்குப் பழைய ரேட்டே போட்டுக்கோங்க. ஒரு பைசா குறைக்க வேணாம். ஆனா இன்னிக்கே என் பேர்ல ஒதுக்கி வைங்க."

பின்னால் இன்ஸ்பெக்டரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பல் பிடுங்கியபோதும் இப்படித்தான் கத்தியிருப்பார்.

குடோன்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய சந்தேகம் கலைவதை நான் கண்ணால் பார்த்தேன். வராத ஆர்டரைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். வராத ஆர்டருக்காக விலையைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்கிற ஆள் யார் இருக்கிறார்கள்?

"நிஜமாவே மேல் மாடி இருக்காம்மா?"

"போற வழிதான். வாங்க, ஏணி வெச்சு ஏத்திக் காட்டறேன்."

அவர் சிரித்துவிட்டார். முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு ஏணி வேறயா என்றார். முழங்கால் வந்துவிட்டது, எனக்குப் பெரிய ஆறுதல். அலங்காரக்காரருக்கு வேறு கலர் காட்டிச் சமாளிக்கிறேன், அவருக்கு எதுவானாலும் ஒன்றுதான் என்றார். மிஞ்சுகிற ஒற்றைக் கட்டையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், சேதாரத்துக்கு ஆகும் என்றார். ஆனால் பாதிப் பணம் அட்வான்ஸாக வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார். நம்பிக்கை அந்த அளவுக்குத்தான் வந்திருந்தது. அக்காவும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ரசீதில் கலர், நம்பர், எத்தனை கட்டை எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டாள். இவளுக்கும் அந்த அளவுக்குத்தான்.

கிளம்பும்போது அவள் இன்னொன்று கேட்டாள். அந்தக் கழற்றிய மூலையைத் தரமுடியுமா? அவர் மேஜை டிராயரில் துழாவி எடுத்தார். இது என்னிடம் இருந்தால் வேறு யாரும் இதைக் காட்டி உங்களிடம் கேட்க முடியாதல்லவா என்றாள். அவர் மறுபடியும் சிரித்தார், இந்த முறை கொஞ்சம் பயத்தோடு.

வண்டியில் திரும்பும்போது இன்ஸ்பெக்டர் பின்னால் கட்டைகளோடு உட்கார்ந்து வந்தார். நடுவில் உள்ள சின்ன ஜன்னலைத் தட்டினார்.

"பழைய ரேட்னா நமக்கு என்ன மிஞ்சும்?"

"கீழ் மாடியில மிஞ்சறதுல கொஞ்சம் மேல போகும். மொத்தத்துல கூலி நிக்குது. முழுசா இல்லை, ஆனா நிக்குது. அவசரப்பட்டு விலை சொன்னதுக்கு அந்த மிச்சம் அபராதம்."

அவர் ஜன்னலிலிருந்து முகத்தை எடுத்தார். ஒரு தெரு கழித்து மறுபடி தட்டினார்.

"அந்த ஸ்கூல் ஆர்டரை அவன் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கான் பாரு."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. சிரித்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவர் சொன்ன ஒன்றுக்கு.

கீழ் மாடி அறுபதும் மாட்டியாயிற்று. அதன் பிறகு வாரா வாரம் இன்ஸ்பெக்டர் ஏதோ வேலையாகக் குடோன் பக்கம் போய் வந்தார். அங்கேயும் ஒரு பட்டன் கடை இருக்கும்போலிருக்கிறது. ஒதுக்கின கட்டைகள் அக்கா பேர் எழுதின சீட்டோடு அதே இடத்தில் நிற்கின்றன என்று வந்து சொல்வார். சீட்டு மட்டும் நிற்குமோ, உள்ளே கட்டையை மாற்றியிருப்பானோ என்று சாயங்காலம் யோசிப்பார். மாற்றவில்லை. மேல் மாடிக்கு மேனேஜர் சொல்லியனுப்பியதும் போய் எடுத்து வந்தார்கள். மாட்டி முடித்த அன்றைக்கு மேனேஜர் ஒரு கீழ் மாடிப் படத்தைக் கழற்றிக்கொண்டு மேலே போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரும் ஒரு இன்ஸ்பெக்டர்தான்.

போன் அக்காவின் ஏப்ரன் பையிலேயே இருக்கிறது. அந்த மூலைத் துண்டு அவள் கல்லா மேஜை மேல், விற்பனைக்கில்லை.

போன வாரம் வேறொரு வேலைக்கு வெள்ளி கலர் பீடிங் தேவைப்பட்டது. அக்கா குடோன்காரருக்கு எழுதினாள். நன்றி, எத்தனை கட்டை, எவ்வளவு குறைக்க முடியும், வண்டி நாங்கள் கொண்டுவருகிறோம். அடுத்த ஆர்டர் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஏனென்றால் அடுத்த ஆர்டர் எதுவும் இல்லை. இன்ஸ்பெக்டருக்கு விரல் துடித்தது, அடக்கிக்கொண்டார்.

அன்று பதில் வரவில்லை. மறுநாள் காலை நீளமாக ஒன்று வந்தது. மரம் தாறுமாறாக ஏறிவிட்டதாம். லாரிக்காரர்கள் வாயில் வந்த வாடகையைக் கேட்கிறார்களாம். முழங்காலுக்கு டாக்டர் இப்போது பட்டை கட்டச் சொல்லியிருக்கிறாராம். அதனால் இந்தத் தடவை ஒரு காசு குறைக்க வழியில்லை.

அக்கா உரக்க வாசித்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மெஷினை நிறுத்தியிருந்தேன். இன்ஸ்பெக்டர் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

"இதுல ஒண்ணும் இல்லை," என்றார். "சுத்தமான சரக்கு. முழங்காலுக்கு எப்படி இருக்குன்னு ஒரு வரி விசாரிச்சுப் போடு. பாதி குறைப்பான்."